தன்னைத் தாண்டிப் போன தங்கைக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து: நான்கு வரைவுகளில் எதை அனுப்பலாம்?

கூடப்பிறந்தவர் நம்மைவிட நன்றாக வந்துவிட்டார். அவருக்குப் பிறந்தநாள். மனதில் பொறாமை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, சந்தோஷம்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் எங்கோ ஒரு வரி லேசாக உறுத்துகிறது. ஒன்று அதிகமாகப் புகழ்ந்திருக்கிறோம், இல்லையென்றால் நம்மையே மட்டம் தட்டிக்கொண்டிருக்கிறோம், அதுவும் இல்லையென்றால் பெரியவர் தோரணையில் புத்தி சொல்லியிருக்கிறோம். மனம் சுத்தமாக இருந்தும் வாழ்த்தில் ஒப்பீடு வந்து உட்கார்ந்துவிடுகிறது. எந்த மாதிரியான வாழ்த்தில் அது எங்கே வந்து உட்காருகிறது என்று தெரிந்தால் எதை அனுப்புவது என்று முடிவு செய்வது சுலபம்.

இருப்பதிலேயே கடினமான நிலையை எடுத்துக்கொள்கிறேன். ஒரு அண்ணன், அவரைவிட நான்கு வயது இளைய தங்கை. இருவரும் கணக்குத் துறை. அண்ணன் தொழில்முறைத் தேர்வை மூன்று முறை எழுதியும் முடிக்கவில்லை, ஒரு சிறிய நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். தங்கை முதல் முயற்சியிலேயே தேறியவர். இந்த வருடம் ஒரு பெரிய தணிக்கை நிறுவனத்தில் பார்ட்னர் ஆகியிருக்கிறார். அவருக்கு நாற்பது வயது நிறைகிறது. வீட்டில் இன்னும் பாப்பாதான்.

இது ஏன் கடினமான நிலை என்பதை அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் டெஸ்ஸர் 1980-களில் ஒரு கோட்பாடாகவே எழுதி வைத்திருக்கிறார். நெருங்கியவர் ஒருவர் நம்மைவிடச் சிறப்பாகச் செய்யும்போது நமக்குப் பெருமை வருமா, வலிக்குமா என்பது பெரும்பாலும் ஒரு கேள்வியைப் பொறுத்தது: அந்தத் துறை நமக்கும் முக்கியமா? தங்கை பாடகியாகவும் அண்ணன் பாட்டுப் பக்கமே போகாதவராகவும் இருந்தால், தங்கையின் பெயர் வரும் இடமெல்லாம் அண்ணன் தலை நிமிர்ந்து நடப்பார். நெருக்கம் கூடக்கூடப் பெருமையும் கூடும். ஆனால் இருவரும் ஒரே துறையில் இருந்தால் கதை திரும்பிவிடுகிறது. அப்போது நெருக்கம் கூடக்கூட வலிதான் கூடும். முன்பின் தெரியாத ஒருவர் பார்ட்னர் ஆனால் அண்ணனுக்குத் தூக்கம் கெடாது.

அந்த வலியிலிருந்து தப்பிக்க மனம் மூன்று வழிகளைத் தேடும் என்பது டெஸ்ஸர் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி. ஒன்று, அந்த ஆளிடமிருந்து கொஞ்சம் விலகிக்கொள்வது. இரண்டு, அந்தத் துறையே அவ்வளவு முக்கியமில்லை என்று ஆக்கிக்கொள்வது. மூன்று, இருவருக்கும் உள்ள இடைவெளியை எப்படியாவது குறைத்துக் காட்டுவது. இதில் எதையும் நாம் யோசித்துச் செய்வதில்லை, அதனால்தான் பிறந்தநாள் வாழ்த்துக்குள் இவை இவ்வளவு எளிதாக நுழைந்துவிடுகின்றன.

சரி, வரைவுகளுக்கு வருவோம். முதலாவது, சாதனைப் பட்டியல்.

"இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் பாப்பா! ஸ்கூல்ல ஃபர்ஸ்ட், பரீட்சையில முதல் தடவையே பாஸ், இப்போ நாற்பது வயசுக்குள்ள பார்ட்னர்! நீ தொட்டதெல்லாம் துலங்குது. நம்ம குடும்பத்துக்கே பெருமை சேர்த்துட்ட. இன்னும் பெரிய உயரங்களுக்குப் போகணும்!"

பொறாமை துளியும் இல்லாத வாழ்த்து. குறையெல்லாம் வேறு இடத்தில். அண்ணன் என்ற இடத்தில் அலுவலகத்து ஆள் ஒருவரின் பெயரைப் போட்டாலும் இது அப்படியே பொருந்தும். கூடவே வளர்ந்த ஒருவருக்கு மட்டும் தெரிந்தது ஒன்றுகூட இதில் இல்லை. அடுத்து, "முதல் தடவையே பாஸ்" என்பதை எழுதுகிறவர் மூன்று தடவை எழுதியவர். அவர் நினைக்காவிட்டாலும் தங்கை அந்த வரியில் இரண்டு பேரையும் சேர்த்தே படிப்பார். "தொட்டதெல்லாம் துலங்குது" என்பது பாராட்டு போலத் தெரிந்தாலும், அவர் பட்ட பாட்டை அதிர்ஷ்டக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. இடைவெளியைக் குறைத்துக் காட்டும் அந்த மூன்றாவது வழி இங்கே புகழ்ச்சி வேடத்தில் வந்திருக்கிறது. "இன்னும் பெரிய உயரங்கள்" என்பதும் நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் ஓடி வந்து இப்போதுதான் மூச்சு வாங்குகிறவரிடம் அடுத்த இலக்கைக் காட்டுகிறது.

"குடும்பத்துக்கே பெருமை" என்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறருடைய வெற்றியின் வெளிச்சத்தில் நாமும் நிற்பது எல்லோருக்கும் உள்ள குணம். ராபர்ட் சியால்டினியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1976-ல் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழகக் கால்பந்து அணி ஜெயித்த பிறகு வரும் திங்கட்கிழமையில் மாணவர்கள் அந்தப் பல்கலைக்கழகப் பெயர் போட்ட உடைகளை அதிகமாக அணிந்து வந்ததைப் பார்த்தார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால், ஜெயித்தபோது "நாம" என்று பேசுவது தோற்றபோது பேசுவதைவிட அதிகமாக இருந்தது. அதில் பெரிய தப்பில்லை. ஆனால் தங்கையின் ஒரே நாளில், அவர் சம்பாதித்த ஒன்றைக் குடும்பச் சொத்தாகப் பதிவு செய்ய வேண்டுமா? "உன்னை நினைச்சா பெருமையா இருக்கு" என்று சொன்னால் பெருமைக்குரியவர் அவர் மட்டும்தான். நான் இந்த வரியைத்தான் எழுதச் சொல்வேன்.

இரண்டாவது வரைவு, தன்னையே கிண்டல் செய்துகொள்வது. இது இளைஞர்களிடம் ரொம்பப் பிரபலம்.

"ஹேப்பி பர்த்டே மேடம்! பெரிய ஆளாயிட்டீங்க, எங்களையெல்லாம் ஞாபகம் இருக்கா? நீயாவது உருப்பட்டியே, அது போதும். நான் இன்னும் இங்க வவுச்சரோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன். ட்ரீட் எப்போ?"

நேரில், சிரித்துக்கொண்டே, தலையில் ஒரு தட்டு தட்டி இதைச் சொன்னால் ஒன்றும் ஆகாது. அண்ணன் தங்கை பேச்சு அப்படித்தான் இருக்கும். எழுத்தில் அந்தச் சிரிப்பும் தட்டும் கூட வருவதில்லை. இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. வாழ்த்தைப் படித்ததும் தங்கை என்ன பதில் போடுவார் என்று யோசித்துப் பாருங்கள். இதற்கு அவர் எழுதக்கூடிய பதில் ஒன்றே ஒன்றுதான்: "அப்படியெல்லாம் இல்லண்ணா, நீ ஏன் இப்படிப் பேசுற?" ஆக, தன் பிறந்தநாளில் அவர் அண்ணனைத் தேற்ற வேண்டியிருக்கிறது. "மேடம்" என்பதும் "ஞாபகம் இருக்கா" என்பதும் இருவருக்கும் நடுவே ஒரு மேசையை இழுத்துப் போடுகின்றன, விலகிக்கொள்ளும் அந்த முதல் வழிதான் இது. "நீயாவது" என்பதற்குள் "நான்தான் இல்லை" என்பதும் சேர்ந்தே இருக்கிறது. "நீ மட்டும்", "என்னை மாதிரி இல்லாம", "எங்களைவிட" இவையும் அதே வகை. வாழ்த்தை அனுப்பும் முன் இந்தச் சொற்களை மட்டும் தேடிப் பார்த்து எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

மூன்றாவது, பெரியவர் வாழ்த்து.

"பிறந்தநாள் வாழ்த்துகள்மா. நல்லா இரு. பதவி இன்னிக்கு வரும் நாளைக்குப் போகும், உடம்புதான் முக்கியம். வேலை வேலைன்னு ஓடாத. பிள்ளைங்களோடயும் நேரம் செலவு பண்ணு. அண்ணன் எப்பவும் இருக்கேன்."

இந்த நான்கில் ஏமாற்றக்கூடியது இதுதான். அக்கறை மாதிரியே இருக்கும், பாதிக்கு மேல் அக்கறைதான். ஆனால் தங்கையின் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். பதினைந்து வருடம் உழைத்து எட்டிய ஒன்றைப் பற்றி அண்ணன் சொன்ன ஒரே வார்த்தை, அது போய்விடும் என்பது. பிள்ளைகளைப் பற்றிய வரியில் ஒரு குற்றச்சாட்டும் ஒளிந்திருக்கிறது. துறையையே சிறியதாக்கும் அந்த இரண்டாவது வழிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பதவி உயர்வு கிடைத்தவருக்கு உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிற நாம், அவர் முந்தைய பதவியில் இதே அளவு ஓடிக்கொண்டிருந்தபோதும் சொன்னோமா? சொல்லியிருந்தால் அது அக்கறை. இப்போதுதான் முதல் முறையாகத் தோன்றுகிறது என்றால் அந்த வரியை எடுத்துவிடுவது நல்லது. தங்கை உண்மையிலேயே தூக்கமில்லாமல் களைத்துப் போயிருக்கிறார், அவரே சொல்லியிருக்கிறார் என்றால் அது வேறு விஷயம். அதற்கு வேறொரு நாள் போன் செய்து பேசலாம்.

இனி நான்காவது. கூட இருந்து பார்த்தவர் எழுதும் வாழ்த்து. வெற்றியை விட்டுவிட்டு, வெற்றிக்கு முன்பே அந்த ஆளிடம் இருந்த ஒரு குணத்தை, ஒரு சம்பவத்தோடு சொல்வது. என் தேர்வு இதுதான். ஆனால் இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. முதலில் எழுதும்போது பெரும்பாலும் இப்படித்தான் வரும்:

"ஞாபகம் இருக்கா பாப்பா, நான்தான் உனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தேன். வாய்ப்பாடு தப்பாச் சொல்லி எத்தனை தடவை அழுதிருக்க! அந்தப் பாப்பாவா இன்னிக்குப் பார்ட்னர்? நம்பவே முடியல!"

நினைவு உண்மைதான், பாசமும் உண்மைதான். ஆனால் முதல் வரியில் அண்ணன் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். இரண்டாவது வரியில் தங்கையைப் பழைய உயரத்துக்கு இறக்கிவிடுகிறார். "நம்பவே முடியல" என்பது எதிர்பார்க்கவில்லை என்று சொல்வதற்குச் சமம். நினைவைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தங்கை தடுமாறிய நினைவோ, நாம் உதவிய நினைவோ வேண்டாம். அவர் ஏதோ ஒன்றைச் செய்ய, நாம் பக்கத்தில் நின்று பார்த்த நினைவு வேண்டும். அதுவும் இன்றைய வேலையில் அவரிடம் தெரியும் ஏதாவது ஒன்றோடு சேர வேண்டும், இல்லாவிட்டால் அது பழைய ஆல்பம் புரட்டுவதோடு நின்றுவிடும்.

நம் அண்ணனிடம் அப்படி ஒரு நினைவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் மாதச் செலவு எழுதும் ஒரு நோட்டு. ஒரு மாதம் கூட்டல் 27 இடிக்கிறது. சின்ன வித்தியாசம்தானே, விட்டுவிடு என்கிறார்கள் எல்லோரும். பதினோரு வயதுத் தங்கை விடவில்லை. கடைசியில் ஒரு இடத்தில் 41 என்பதை 14 என்று எழுதியிருப்பதைக் கண்டுபிடிக்கிறார். (இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். கணக்கர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறிப்பு, ஆனால் பதினோரு வயதில் அது அவருக்குத் தெரிந்திருக்காது, வரிவரியாகத்தான் பார்த்திருப்பார்.) தப்பாக எழுதியது அண்ணன். கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். தங்கை அம்மாவிடம் சொன்னது "சரி பண்ணிட்டேன்" என்பதை மட்டும்.

இப்போது வாழ்த்து:

"பாப்பா, பிறந்தநாள் வாழ்த்துகள்! வீட்டுச் செலவு நோட்டுல ஒரு மாசம் 27 இடிச்சதே, ஞாபகம் இருக்கா? எல்லாரும் விட்டுடுன்னு சொல்லியும் நீ விடல. 41-ஐ 14-னு எழுதியிருந்ததைக் கண்டுபிடிச்ச. அது என் கையெழுத்துன்னு உனக்கு நல்லாவே தெரியும். ஆனா அம்மாகிட்ட 'சரி பண்ணிட்டேன்'னு மட்டும்தான் சொன்ன.

நீ பார்ட்னர் ஆன செய்தி வந்தப்ப எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வந்துச்சு. புதுசா சேர்ந்த பொண்ணோட தப்பை மீட்டிங்ல சொல்லாம, தனியாக் கூப்பிட்டுச் சொன்னதாச் சொன்னியே, அதுவும் அதேதான். தப்பையும் விட மாட்ட, ஆளையும் காட்டிக் குடுக்க மாட்ட. உன்னை நினைச்சா ரொம்பப் பெருமையா இருக்கு.

ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன். புதுப் பொறுப்புல முதல்ல எதை மாத்தினேன்னு சொல்லு, கேக்கணும்."

இதில் அண்ணனும் தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாரே, தன் தப்பைச் சொல்வதும் இரண்டாவது வரைவு மாதிரித்தானே என்று கேட்கலாம். இல்லை. அங்கே அண்ணன் தன் இன்றைய நிலையைத் தங்கையின் நிலைக்குப் பக்கத்தில் வைத்தார். இங்கே அவருடைய தப்பு, தங்கை என்ன செய்தார் என்பதைக் காட்டத் தேவைப்படுகிறது, அதற்குமேல் ஒன்றும் கேட்பதில்லை. பதில் சோதனையை இங்கேயும் வைத்துப் பாருங்கள். "ஐயோ, அந்த 27-ஐ இன்னும் ஞாபகம் வச்சிருக்கியாண்ணா!" என்று ஆரம்பித்து அவர் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போவார். யாரையும் தேற்ற வேண்டியதில்லை.

பார்ட்னர் என்ற சொல் ஒரே ஒரு முறை வருகிறது, அதுவும் நடுவில். இந்த அளவு முக்கியம் என்று நினைக்கிறேன். வெற்றியை அடியோடு விட்டுவிட்டால், அதைச் சொல்ல மனம் வரவில்லையோ என்று தோன்றும். இரண்டு மூன்று முறை வந்தால் பதவிக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது போல ஆகிவிடும். கடைசியில் ஒரு கேள்வி இருப்பதற்கும் காரணம் உண்டு. நல்ல செய்தி சொல்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் எப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் குழுவாக ஆய்வு செய்து 2004-ல் வெளியிட்டார். மனதுக்குள் சந்தோஷப்பட்டு "நல்லது, வாழ்த்துகள்" என்று நிறுத்திக்கொள்வதைவிட, ஆர்வமாக விசாரித்து அந்தச் செய்தியை மறுபடி பேச வைக்கும் பதில்தான் உறவுக்கு நல்லது என்று அந்த ஆய்வு காட்டியது. எரிச்சலை மறைத்துக்கொண்டு புகழ்ந்துவிட முடியும். அந்த வெற்றியின் விவரங்களை உட்கார்ந்து கேட்பது அப்படி அல்ல, அதற்கு உண்மையிலேயே மனம் வேண்டும். ஆகவே கேள்வியைப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் கூப்பிட வேண்டும். கூப்பிட முடியாது என்றால் அந்த வரியை எழுதாமல் இருப்பதே நல்லது.

எல்லோருக்கும் இப்படி ஒரு நோட்டு நினைவு இருக்காது. வயது வித்தியாசம் அதிகம், தனித்தனியாக வளர்ந்தவர்கள் என்றால் சமீபத்தில் அவர் சொன்ன ஏதாவது ஒன்றே போதும். மேலே உள்ள வாழ்த்தில் நோட்டுச் சம்பவத்தை எடுத்துவிட்டுப் புதுப் பெண்ணின் கதையை மட்டும் வைத்தாலும் அது நிற்கும். நினைவே இல்லாமல் ஒன்றைக் கற்பனையாகச் சேர்த்தால்தான் மாட்டிக்கொள்வோம், கூடப்பிறந்தவரிடம் அது எடுபடாது.

வெற்றி பெற்றவர் மூத்தவராக இருந்தால் வேலை சுலபம். தம்பி அக்காவுக்கு எழுதும்போது, அவர் முன்னால் போனதை யாரும் தோல்வியாகப் பார்ப்பதில்லை. அங்கே சறுக்கும் இடம் நன்றி. "நீங்க இல்லன்னா நான் இல்லக்கா" என்று எழுதினால் வாழ்த்து கடன் பத்திரம் மாதிரி ஆகிவிடும். அக்கா செய்த ஒரு காரியத்தைப் பெயர் சொல்லி எழுதினால் நன்றியும் அதிலேயே வந்துவிடும்.

இன்னொரு நிலை இருக்கிறது. உள்ளே உண்மையாகவே எரிகிறது, இல்லையென்றால் இருவருக்கும் நடுவே பேசித் தீர்க்காத மனத்தாங்கல் ஒன்று கிடக்கிறது. அப்போது நான்காவது வரைவை வலிந்து எழுத வேண்டாம். "பிறந்தநாள் வாழ்த்துகள் பாப்பா, இந்த வருஷம் உனக்கு நல்லா அமையணும்" என்று ஒரு வரி போதும். அதில் பொய் எதுவும் இல்லை. "உன்மேல பொறாமையா இருந்துச்சு, மன்னிச்சிடு" என்று மனம் திறப்பதற்குப் பிறந்தநாள் ஏற்ற நாள் அல்ல. அன்று அதைப் படித்தால், கேக் வெட்டும் நேரத்தில் அவர் அதைச் சுமந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

எங்கே அனுப்புவது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சித்தப்பா, பெரியம்மா, மாமா எல்லோரும் படிப்பார்கள். இருவரையும் சிறு வயதிலிருந்தே ஒப்பிட்டு வந்தவர்கள் அவர்கள்தான். நாற்பது வரிகளில் உருகினால் "அண்ணன் மனசு யாருக்கு வரும்" என்று ஒருவர் போடுவார், அதோடு பிறந்தநாள் அண்ணனுடையதாகிவிடும். நோட்டுக் கதை அம்மாவுக்குத் தெரியாத கதை வேறு. அதனால் குழுவில் மற்ற எல்லோருக்கும் போடுகிற அதே அளவில், ஒரு பழைய போட்டோவோடு, "பாப்பாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்" என்று போட்டுவிட்டு, நீளமானதைத் தனியாக அனுப்பலாம். அதையும் நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு முதல் ஆளாக அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. அந்த நேரத்தில் வருகிற ஐம்பது வாழ்த்துகளுக்கு நடுவே நீளமானதை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. காலையில் அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்போ, மாலையில் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகோ அனுப்பினால் நின்று படிப்பார்.